பால் குடித்ததும் கக்குகிறாள்: சும்மா எதுக்களிப்பா, ரிஃப்ளக்ஸ் நோயா?

கயல்

வணக்கம். என் மகளுக்கு 10 வாரம் ஆகிறது. புட்டிப்பால்தான் குடிக்கிறாள். ஒவ்வொரு முறை குடித்து முடித்ததும் கக்குகிறாள். சில நேரம் வாயோரம் வழியும், சில நேரம் மூக்கு வழியாகவும் வரும். ஏப்பத்துக்காகத் தோளில் போட்டால் என் முதுகு முழுக்க நனைந்துவிடுகிறது. ஒரு மணி நேரம் கழித்துக்கூடத் திரிந்த பாலாக வருகிறது. குடித்ததெல்லாம் வெளியே போய்விடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

என் அக்கா குழந்தைக்கு இதே வயதில் ரிஃப்ளக்ஸ் என்று சொல்லி, ஆசிட்டைக் குறைக்கும் சொட்டு மருந்து கொடுத்தார்களாம். அதில் மிச்சம் இருக்கிறது, கொடுத்துப் பார் என்கிறாள். கொடுக்கலாமா? மாலையானால் நிறைய அழுகிறாள். வலியில் அழுகிறாளோ என்று பயமாக இருக்கிறது.

முகில் அம்மா

கயல், பயப்படாதீர்கள். என் இரண்டு பிள்ளைகளும் இப்படித்தான் கக்கினார்கள். தோளில் ஒரு துணி இல்லாமல் நான் குழந்தையைத் தூக்கியதே இல்லை. உட்காரத் தொடங்கியதும் குறைந்தது, நடக்கும்போது சுத்தமாக நின்றுவிட்டது. மருந்தெல்லாம் வேண்டாம்.

ஒன்று மட்டும் கவனம். மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள், கக்கினால் மூச்சில் ஏறிவிடும். குப்புறப் போடுங்கள், இல்லையென்றால் தலைப்பக்கம் தலையணை வைத்துச் சாய்வாகப் படுக்க வையுங்கள்.

தாமரை

நான் குழந்தைகள் பிரிவில் பல வருடங்களாகச் செவிலியாக இருக்கிறேன். இந்தக் கேள்வி வாராவாரம் வரும்.

முகில் அம்மா, மருந்து வேண்டாம் என்று சொன்னது சரி. படுக்கை விஷயத்தில் மட்டும் நான் குறுக்கே வர வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. மல்லாக்கப் படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். எதுக்களித்து வரும் பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமென்றால் மேல்நோக்கி ஏற வேண்டும். அது அவ்வளவு எளிதில் நடக்காது, குழந்தை விழுங்கிவிடும் அல்லது வாயோரம் வழிந்துவிடும். குப்புறப் படுத்தால் இது தலைகீழாகிவிடும், பால் மூச்சுக்குழாயின் வாய்ப்பக்கமே வந்து தேங்கும். அதோடு குப்புறப் படுத்துத் தூங்கும் குழந்தைகளுக்குத் தூக்கத்திலேயே திடீரென்று உயிர் போகும் ஆபத்து அதிகம். அதனால் கக்கும் குழந்தையும் மல்லாக்க, சமமான கெட்டிப் படுக்கையில்தான் தூங்க வேண்டும். தலையணை வேண்டாம், சாய்வும் வேண்டாம். சாய்வில் தலை முன்னால் சரிந்து, தாடை நெஞ்சில் பட்டு, மூச்சு அடைபடலாம்.

கயல், அக்கா வீட்டு மருந்தைத் தொடாதீர்கள். அது அந்தக் குழந்தையின் எடைக்குக் கணக்குப் பண்ணிக் கொடுத்தது.

உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு நாலு விஷயம் தெரிய வேண்டும். எடை எப்படி ஏறியிருக்கிறது? ஒரு வேளைக்கு எத்தனை மில்லி, நாளைக்கு எத்தனை வேளை? வருவதன் நிறம் என்ன? கக்கிய பிறகு அவள் எப்படி இருக்கிறாள்?

இதற்கிடையில் ஒரு வேலை செய்து பாருங்கள். தோளில் போடும் துணியை விரித்து, அதில் ஒரு பெரிய கரண்டிப் பால், அதாவது 15 மில்லி, மெதுவாக ஊற்றுங்கள். எவ்வளவு தூரம் பரவுகிறது என்று பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

செல்வன்

எனக்கே இந்த ஆசிட் தொல்லை இருக்கிறது. இரவு தாமதமாகச் சாப்பிட்டால் நெஞ்செல்லாம் எரியும், தூங்கவே முடியாது. பெரியவனான என்னாலேயே தாங்க முடியவில்லை, 10 வாரக் குழந்தை எப்படித் தாங்கும்? மாலை அழுகை அந்த எரிச்சலாகத்தான் இருக்கும். எனக்கு மாத்திரை போட்ட இரண்டாவது நாளே சரியானது. காரமும் புளிப்பும் குறைத்தால் நல்லது. டாக்டரிடம் கேட்டு மருந்தைத் தொடங்கிவிடுவதே மேல் என்பது என் கருத்து.

தாமரை

செல்வன், நீங்கள் சொல்வது பெரியவர்களுக்குப் பொருந்தும். குழந்தையின் கதை வேறு. அவள் குடிப்பது பால் மட்டுமே. பால் வயிற்றில் இருக்கும் நேரத்தில் ஆசிட்டின் வீரியத்தைக் குறைத்துவிடுகிறது. குடித்தவுடன் மேலே வருவது பெரும்பாலும் வெறும் பால்தான், எரிக்கிற ஆசிட் இல்லை. அது ஏன் வருகிறது என்றால், உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் இருக்கிற தசை வளையம் இந்த வயதில் அடிக்கடி தளர்ந்து கொடுக்கும். உணவுக்குழாயும் குட்டை, குடிப்பது முழுக்கத் திரவம், நாள் முழுக்கப் படுத்தே இருக்கிறாள். வராமல் இருந்தால்தான் அதிசயம்.

மாலை அழுகை பற்றி. நல்ல ஆரோக்கியமான குழந்தைகளும் ஆறு வாரத்தை ஒட்டி அதிகமாக அழுவார்கள், மூன்று நான்கு மாதத்தில் குறையும். கக்குவதும் இதே மாதங்களில்தான் கூடுதலாக இருக்கும். இரண்டும் ஒரே சமயத்தில் நடப்பதால் ஒன்றினால்தான் மற்றொன்று என்று நினைத்துவிடுகிறோம். 2009இல் வெளியான ஓர் ஆய்வில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். பால் குடித்தால் அழும், ரிஃப்ளக்ஸ் என்று சந்தேகிக்கப்பட்ட 162 குழந்தைகளில் பாதிப் பேருக்கு லான்சோபிரசோல் என்ற ஆசிட் குறைக்கும் மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்றுத் திரவம். இரண்டு பக்கமும் 54 விழுக்காடு குழந்தைகளுக்குக் குணம் தெரிந்தது. அச்சுப் பிசகாமல் ஒரே எண்ணிக்கை. ஆனால் மருந்து குடித்த பக்கத்தில் நுரையீரல் தொற்று போன்ற பெரிய தொல்லைகள் கூடுதலாக வந்தன.

அதோடு, ஆசிட் மருந்து கக்குவதை நிறுத்தாது. மேலே வருவதில் ஆசிட்டைக் குறைக்கும், அவ்வளவுதான். துணி நனைவது நனைந்துகொண்டேதான் இருக்கும்.

கயல்

துணியில் ஊற்றிப் பார்த்தேன். 15 மில்லியே என் உள்ளங்கையை விடப் பெரிய வட்டமாகப் பரவிவிட்டது. அவள் வழக்கமாகக் கக்குவது அதைவிடச் சின்ன வட்டம்தான். ஒரு நாளைக்கு ஓரிரு முறைதான் அந்த அளவுக்குப் பெரிதாக வருகிறது.

மற்றக் கேள்விகள்: பிறக்கும்போது 3.1 கிலோ. 6 வாரத்தில் 4.2. இந்த வாரம் 5.3. ஒரு வேளைக்கு 150 மில்லி, நாளைக்கு ஏழு முறை. அழுதால் புட்டியை வாயில் வைப்போம், மறுக்காமல் குடிப்பாள். நிறம் வெள்ளைதான், சில நேரம் தயிர் மாதிரி திரிந்து வரும். கக்கிவிட்டுச் சிரிக்கிறாள், நான்தான் அழுகிறேன். டயப்பர் நன்றாகவே நனைகிறது, நாளைக்கு ஏழெட்டு மாற்றுகிறேன்.

தாமரை

இப்போது படம் தெளிவாகிவிட்டது. கணக்கைச் சேர்ந்தே போடுவோம்.

6 வாரத்திலிருந்து 10 வாரம் வரை 28 நாள். ஏறிய எடை 1,100 கிராம். நாளைக்குச் சுமார் 39 கிராம். இந்த வயதில் நாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏறினாலே நிம்மதியாக இருப்போம். குடித்ததெல்லாம் வெளியே போகும் குழந்தை இப்படி எடை போடாது. ரிஃப்ளக்ஸ் நோய் என்று சொல்வதற்கு, மேலே வரும் பால் குழந்தைக்கு ஏதாவது கெடுதல் செய்திருக்க வேண்டும். எடை நின்றுபோவது, பாலைக் கண்டாலே மறுப்பது, குடிக்கும்போது வலியில் துடிப்பது, ரத்தம் வருவது, திரும்பத் திரும்ப நெஞ்சில் சளி கட்டுவது, இப்படி ஏதாவது. நீங்கள் எழுதியதில் அந்த மாதிரி ஒன்றும் இல்லை.

ஆனால் இன்னொன்று இருக்கிறது. 150ஐ ஏழால் பெருக்கினால் 1,050 மில்லி. அதை 5.3 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 200 மில்லி. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு இந்த வயதில் கிலோவுக்கு 150 மில்லி சுற்றி இருந்தால் போதும். அவளுக்கு அது ஏறக்குறைய 800 மில்லி. வயிறு கொள்ளாத அளவு உள்ளே போனால் மிச்சம் வந்த வழியே திரும்பும்.

அதனால் ஒரு வேளைக்கு 100 மில்லி, நாளைக்கு எட்டு முறை என்று சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுத்துப் பார்க்கலாம். உங்கள் டாக்டரிடம் இந்தக் கணக்கைக் காட்டிவிட்டுச் செய்யுங்கள். பவுடரையும் தண்ணீரையும் டப்பாவில் போட்டிருக்கும் விகிதத்திலேயே கலக்க வேண்டும், அளவைக் குறைக்கிறேன் என்று நீர்க்கச் செய்துவிடக் கூடாது. பாதி குடித்ததும் நிறுத்தி ஏப்பம் எடுங்கள். முடிந்ததும் 20, 30 நிமிடம் நிமிர்த்தித் தூக்கி வைத்திருங்கள். கார் இருக்கை மாதிரி மடங்கி உட்காரும் இடத்தில் குடித்தவுடன் வைத்தால் வயிறு அமுங்கி இன்னும் கூடுதலாக வரும். ஒவ்வோர் அழுகையும் பசி இல்லை. கையை வாய்க்குக் கொண்டுபோவது, தலையைத் திருப்பித் தேடுவது, இவைதான் பசிக்கு அடையாளம்.

தாய்ப்பால் கொடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நேரத்தைக் குறைக்க வேண்டாம். இது புட்டியில் அளவு மீறும்போது சொல்லும் யோசனை.

அன்பு

தாமரை அக்கா எழுதியது எனக்கும் ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆனால் "எல்லாக் குழந்தையும் கக்கும்" என்ற வார்த்தையால் நாங்கள் பட்ட பாட்டை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

எங்கள் முதல் பையன் நான்கு வாரம் வரை நன்றாக இருந்தான். அப்புறம் கக்கத் தொடங்கினான். நாலைந்து நாளில் அது கக்கலாக இல்லாமல் வாந்தியாக மாறியது. வாயிலிருந்து வழியவில்லை, பீய்ச்சி அடித்தது. கட்டிலின் அந்தப் பக்கம் போய் விழுந்தது. குடித்த ஒவ்வொரு முறையும் அப்படியே. வாந்தி எடுத்த அடுத்த நிமிடம் பசியில் கத்துவான், மறுபடி கொடுத்தால் கடகடவென்று குடிப்பான், மறுபடி பீய்ச்சுவான். ஒரு கிளினிக்கில் ரிஃப்ளக்ஸ் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். டயப்பர் காலையில் போட்டது மதியம் வரை காய்ந்தே இருந்தபோதுதான் என் மனைவி பெரிய மருத்துவமனைக்குப் போகலாம் என்றாள். அங்கே எடை பார்த்தால் முந்தைய வாரத்தை விடக் குறைவு. ஸ்கேனில் இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாசலின் தசை தடித்து அடைத்திருப்பது தெரிந்தது. முதலில் ஊசி வழியாக நீரும் உப்பும் ஏற்றி ரத்தத்தைச் சரிப்படுத்தினார்கள், அப்புறம் அறுவை. இப்போது பள்ளிக்குப் போகிறான்.

தாமரை

அன்பு, நீங்கள் எழுதியதை அப்படியே பிரதி எடுத்துப் புதுப் பெற்றோர் கையில் கொடுக்கலாம். பைலோரிக் ஸ்டெனோசிஸ் இப்படித்தான் வரும். பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள், நாளுக்கு நாள் கூடிக்கொண்டே. பையன்களுக்கு, அதிலும் முதல் பிள்ளைக்கு, கொஞ்சம் அதிகம். ஒருமுறை பலமாக வந்ததை வைத்துப் பயப்பட வேண்டாம், எல்லாக் குழந்தைக்கும் எப்போதாவது அப்படி வரும். ஒவ்வொரு வேளையும் பீய்ச்சினால், அன்றைக்கே காட்ட வேண்டும்.

இதைவிடவும் அவசரமானது ஒன்று உண்டு. வருவது பச்சையாக இருந்தால். இலைப் பச்சை, பாசிப் பச்சை எதுவானாலும் அது பித்தம், குடலுக்குள் எங்கோ அடைப்பு என்று அர்த்தமாகலாம். குடல் முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று சில மணி நேரத்தில் குடலே கெட்டுவிடும். குழந்தை பார்க்க நன்றாக இருந்தாலும் சரி, ஒரே முறை வந்திருந்தாலும் சரி, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. துணியையும் கையோடு எடுத்துப் போங்கள், போட்டோவில் நிறம் சரியாகத் தெரியாது.

ரத்தம் அல்லது காப்பித்தூள் மாதிரி கறுப்பாக வந்தாலும் உடனே காட்டுங்கள். தாயின் மார்பில் வெடிப்பு இருந்தால் அந்த ரத்தத்தை விழுங்கி அதுவே வெளியே வருவதும் உண்டு, ஆனால் அதை வீட்டில் முடிவு செய்ய வேண்டாம். காய்ச்சல், வயிறு உப்பிக் கெட்டியாவது, எழுப்பினால் எழாத சோர்வு, உச்சிக்குழி புடைத்து நிற்பது, இவற்றோடு வரும் வாந்திக்கும் ரிஃப்ளக்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. ஆறு மாதம் வரை கக்காமல் இருந்த குழந்தை அதற்குப் பிறகு புதிதாகத் தொடங்கினாலும், ஒரு வயது தாண்டியும் நிற்காவிட்டாலும், காரணத்தைத் தேட வேண்டும்.

வெண்பா

என் கேள்வி கொஞ்சம் வேறு. என் மகன் 14 வாரம், தாய்ப்பால் மட்டும். அவன் கக்குவதே குறைவு. ஆனால் இரண்டு நிமிடம் குடித்ததும் முதுகை வில்லாக வளைத்து அலறுகிறான், தலையைத் திருப்பிக்கொள்கிறான். தூக்கக் கலக்கத்தில்தான் நன்றாகக் குடிக்கிறான். கடந்த ஒரு மாதத்தில் 300 கிராம்தான் ஏறியிருக்கிறது. கன்னத்தில் சொறி மாதிரி சிவந்திருக்கிறது, மலத்தில் சளி வருகிறது. வெளியே தெரியாத "சைலன்ட் ரிஃப்ளக்ஸ்" என்று தோழி சொல்கிறாள்.

முகில் அம்மா

சைலன்ட் ரிஃப்ளக்ஸ் என்பது உண்மைதான், என் தங்கை மகளுக்கு இருந்தது. மருந்து கொடுத்ததும் அடங்கிவிட்டது. எல்லாவற்றையும் இயல்பு என்று சொல்லிக்கொண்டே போகவும் கூடாது.

தாமரை

முகில் அம்மா, வெளியே வராமல் பாதி வழி வந்து திரும்பும் பால் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அழுகையை மட்டும் வைத்து அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. எந்தக் குழந்தைக்கும் அந்தப் பெயரை ஒட்டிவிடலாம், அதுதான் எனக்குப் பிடிக்காதது. உங்கள் தங்கை மகள் மருந்தால் தேறினாளா, அந்த வயதில் தானாகவே தேறினாளா என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

வெண்பா, உங்கள் மகனைக் கயல் மகளோடு ஒப்பிட வேண்டாம். துணி நனையாவிட்டாலும் எனக்கு உங்கள் குழந்தையைப் பற்றித்தான் கவலை. மாதத்துக்கு 300 என்றால் நாளைக்குப் பத்து கிராம். இந்த வயதுக்கு அது குறைவு. அதோடு பால் மறுப்பு, சொறி, சளி. எல்லாம் சேர்ந்தால் பசும்பால் புரத ஒவ்வாமையை முதலில் நினைக்க வேண்டும். நீங்கள் குடிக்கும் பாலில் உள்ள புரதம் தாய்ப்பால் வழியாக அவனுக்குப் போகும். இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் போங்கள். நீங்கள் இரண்டிலிருந்து நான்கு வாரம் பாலையும் பால் பொருள்களையும் முழுதாக விடச் சொல்வார்கள். குணம் தெரிந்தால் மறுபடி சாப்பிட்டுப் பார்த்து, தொல்லை திரும்புகிறதா என்று உறுதி செய்வார்கள். அந்த இரண்டாவது பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அப்புறம் காரணமே இல்லாமல் பல மாதம் பாலைத் தொடாமல் இருப்பார்கள். ஆசிட் மருந்து என்பது இதற்குப் பிறகு வரும் பேச்சு.

இன்னொன்று. அவன் வளைவதை வீடியோ எடுத்துக் காட்டுங்கள். குடிக்கும்போதும் குடித்த பிறகும் வளைவது ஒரு வகை. தூங்கி எழும்போது, கைகால் இரண்டும் ஒன்றாக வெட்டி, சில நொடி விட்டு மறுபடி, வரிசையாக வந்தால் அது ஒரு வகை வலிப்பாக இருக்கலாம். அதையும் ரிஃப்ளக்ஸ் என்று நினைத்து நாள் கடத்திவிடுவது நடக்கிறது. அப்படி இருந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

வெண்பா

அப்படி வெட்டவில்லை, குடிக்கும்போது மட்டும்தான் வளைகிறான். நாளை காலை டாக்டரைப் பார்க்கிறோம்.

கயல்

தாமரை அக்கா, டாக்டரிடம் கணக்கைக் காட்டினேன். அளவைக் குறைக்கச் சொன்னார். ஒரு வாரமாக 100, 110 என்று கொடுக்கிறேன். முதல் இரண்டு நாள் இன்னும் வேண்டும் என்று அழுதாள், தூக்கி நடந்தால் அடங்கினாள். இப்போது பெரிய வட்டங்கள் வருவதில்லை. சின்னதாகக் கக்குவது தொடர்கிறது. இந்த வாரம் 190 கிராம் ஏறியிருக்கிறாள். மாலை அழுகை அப்படியேதான் இருக்கிறது.

பாலைக் கெட்டியாக்கும் பவுடர் ஒன்று இருக்கிறதாம், அதைச் சேர்க்கலாமா என்று கேட்டேன். டாக்டர் இப்போதைக்கு வேண்டாம் என்றார். மாமியார் சேர்க்கச் சொல்கிறார்.

தாமரை

190 கிராம் அருமையான ஏற்றம். கெட்டியாக்கினால் வெளியே வருவது குறையும், அது உண்மை. புட்டிப்பால் குழந்தைக்கு டாக்டர் சொல்லிச் சேர்ப்பதும் உண்டு. ஆனால் தானிய மாவு சேர்த்தால் ஒவ்வொரு மில்லியிலும் கலோரி கூடும், உங்கள் மகளுக்கு அது தேவையே இல்லை. புட்டிக் காம்பின் துளையைப் பெரிதாக்க வேண்டி வரும், மலச்சிக்கலும் வரலாம். குறைமாதக் குழந்தைகளுக்குச் சில கெட்டியாக்கிகள் குடலையே பாதித்திருக்கின்றன. நான் உங்கள் டாக்டர் பக்கம்.

செல்வன்

குழந்தை சிரித்துக்கொண்டிருந்தால் சரி என்று இப்போது எனக்கும் படுகிறது. ஆனால் மாலை அழுகைக்குக் காரணம் என்ன என்று இன்னும் யாரும் சொல்லவில்லையே?

தாமரை

சொல்லவில்லை, ஏனென்றால் பெரும்பாலான குழந்தைகளில் அதற்கு ஒரு காரணமும் கிடைப்பதில்லை. கயல், நான்கு மாதத்தை ஒட்டிக் கக்குவது இன்னும் கூடினாலும் திடுக்கிடாதீர்கள், அந்த வயதில்தான் அது உச்சத்தில் இருக்கும். எடை ஏறிக்கொண்டிருக்கிறதா, நிறம் வெள்ளையாகவே இருக்கிறதா, இந்த இரண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெண்பா, டாக்டர் என்ன சொன்னார் என்று நாளை எழுதுங்கள்.